‘செத்தவீட்டுக்கும்’: ஒரு பதிலைத் திருத்தி எழுதிய விதம்

எங்கள் குடும்பத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. யாழ்ப்பாணம், ரொறொன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிக் கிடக்கும் இருபத்துமூன்று பேர் அதில் இருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்து, கோயில் படம், யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு என்று வழமையாக ஓடிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய் இரவு, இரண்டாம் சாமத்து இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபோது பெரியண்ணரின் செய்தி கிடந்தது. சொல் மாறாமல் தருகிறேன். இக்கட்டுரைக்கு அதன் சொற்கள் முக்கியம்.

“வீட்டு வேலை முடிஞ்சுது. மொத்தம் பத்தரை லட்சம். அஞ்சு பேருக்கும் பிரிச்சால் ஆளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சில ஆக்கள் அரைவாசியோடை நிப்பாட்டிப் போட்டினம். அம்மாவின்ரை செத்தவீட்டுக்கும் வராத ஆக்களிட்டை இதை எதிர்பார்க்கிறது எங்கடை பிழைதான். படிச்சவை பொறுப்பாய் இருப்பினம் எண்டு நினைச்சம்.”

என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் இருபத்துமூன்று பேருக்கும் அது யாரென்று தெரியும். ஐந்து பிள்ளைகளில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பித்தவன் நான். இன்று பெக்டன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்பவனும் நான். 2011இல் அம்மா இறந்தபோது போகாதவனும் நான்தான்.

அன்று நான் எழுதிய கோபமான பதிலும் இரண்டு நாளின் பின் குழுவில் போட்ட பதிலும் ஒன்றல்ல. இடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதே இங்கு என் நோக்கம். ‘கோபத்தை அடக்கு’ என்ற உபதேசம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழில் எழுதிய ஒரு வசனத்திற்குள் கோபம் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சுடுசொற்களை எடுத்துவிட்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். இருபது வருடம் மொழியியல் பேசியவனுக்கு இது வெட்கமான விடயம்.

முதலில் ஒரு சிறு காரியம். கோபம் வந்த மனிதன் குழுவின் எழுத்துப்பெட்டிக்குள்ளேயே பதிலை எழுதத் தொடங்கக் கூடாது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது, அந்த வேளையில் குழுவைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பெயரோடு தெரியும். அனுப்பிவிட்டால் பதினைந்து நிமிடத்திற்குள் திருத்தலாம்; ஆனால் திருத்தியது என்ற அடையாளம் நிற்கும். எல்லோரிடமிருந்தும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. ஆனால் அழித்தது என்ற வரி நிற்கும். சில வருடங்களுக்கு முன் வேறொரு பிரச்சினையில், சட்டைப்பையில் வைக்கும்போது “நீர் ஒரு” என்ற இரண்டு சொல் மட்டும் என் தொலைபேசியிலிருந்து போய்விட்டது. உடனே அழித்தேன். அழித்ததைக் கண்ட மூன்று பேர் மறுநாள் அழைத்து என்ன எழுதினாய் என்று கேட்டார்கள். முழு வசனமும் போயிருந்தால் ஒருவர்தான் அழைத்திருப்பார்.

ஆகவே இம்முறை பெட்டி மட்டை ஒன்றின் பின்புறத்தில் பேனாவால் எழுதினேன். எழுதியது இது:

“பெரியண்ணை, காசு போட்டதோ இல்லையோ எண்டு ஒருக்காவது விசாரிச்சனீரோ? சும்மா பேய்க்கதை கதைக்காதையும். அம்மாவை நீர் மட்டுமோ பாத்தனீர்? ஒரு கிழமை வந்து நிண்டு படம் எடுத்துப் போட்டுப் போறதுதான் பாக்கிறதோ? எப்பவும் உமக்கு ஆக்களுக்கு முன்னாலை என்னை அவமதிக்கிறதே வேலை. செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை எண்டு உமக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் எழுதுற நீர் ஒரு மனிசனோ?”

எழுதியதும் ஆறுதல் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை, இடைவேளை முடிந்து பட்டியில் நின்றபோது இன்னும் இரண்டு வசனம் சேர்ந்திருந்தது. கோபத்தைக் கொட்டினால் அது வடிந்துவிடும் என்ற நம்பிக்கையை பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சோதித்துப் பார்த்தார். தங்களைக் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையில் குத்தியவர்கள், சும்மா இருந்தவர்களைவிடக் கூடுதலான கோபத்தோடு இருந்தார்கள். மட்டையின் பின்புறம் எனக்கு ஒரு குத்துமூட்டைதான். அதை எழுதியதன் பயன் வேறு: அடுத்த நாள் கையில் எடுத்துப் பரிசோதிக்க ஒரு பொருள் இருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் லிங்கனைச் சொல்வார்கள். கெற்றிஸ்பேர்க் போரின் பின் லீயின் படையைத் தப்பவிட்ட ஜெனரல் மீட் மீது மனக்கசப்புற்று, 1863 ஜூலை 14இல் லிங்கன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதை அனுப்பவுமில்லை, கையொப்பமிடவுமில்லை. அந்த விபரத்தை உறையில் குறித்து வைத்துக்கொண்டார். மீட் போர் முடியும்வரை தன் படைக்குத் தலைவராகவே இருந்தார். நல்ல உதாரணம்தான். ஆனால் லிங்கனின் மேசையைச் சுற்றி இருபத்துமூன்று உறவினர் நின்று அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குடும்பக் குழுவில் அனுப்பாமல் விடுவதும் ஒரு பதில். யார் யார் வாசித்தார்கள் என்பதைச் செய்தியை அனுப்பியவர் தனித்தனியே பார்க்கலாம். ஒரு நாள் மௌனமாக இருந்தால் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டான்’ என்று ஆகிவிடும். இரண்டு நாள் இருந்தால் வேறு யாராவது எனக்காகப் பேசப் புறப்பட்டு விடயத்தைப் பெரிதாக்குவார்கள். அதனால் விடிய வேலை முடிந்து 101 பஸ்ஸில் வரும்போது ஒரு வரி மட்டும் போட்டேன்: “பெரியண்ணை, பாத்தனான். வேலையாலை இப்பதான் வாறன். வியாழக்கிழமை பதில் போடுறன்.” இந்த வரி எனக்கு இரண்டு நாளை வாங்கித் தந்தது. அதில் நாள் குறிப்பிட்டது முக்கியம். ‘பிறகு கதைக்கிறன்’ என்றால் அது பயமுறுத்தல்.

புதன்கிழமை நித்திரை கொண்டு எழும்பியபின் மட்டையை எடுத்து வைத்து, மாணவனின் கட்டுரையைத் திருத்துவதுபோல் பார்த்தேன். ஏழு வசனம். அவற்றில் ஐந்து கேள்வி. ஒன்றுக்கேனும் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ‘பேய்க்கதை’ ஒன்றைத் தவிரக் கெட்ட சொல் என்று எதுவும் இல்லை. அதை அடித்துவிட்டு வாசித்தேன். வெப்பம் சற்றும் குறையவில்லை.

வெப்பம் இருந்தது மூன்று இடத்தில். முதலாவது ‘நீர்’. யாழ்ப்பாணத் தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் நோக்கில் ஆராய்ந்த பேராசிரியர் சு. சுசீந்திரராஜா முதலியோர் இவற்றின் பின்னாலுள்ள சமூக உறவுகளை எழுதியிருக்கிறார்கள். நானே அதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். ஒத்த வயதினருக்கும் மாணவருக்கும் மனைவிக்கும் ‘நீர்’ இயல்பு, சிலவேளை அன்பும்கூட. பிறந்த நாள் முதல் ‘நீங்கள்’ என்று அழைத்த தமையனுக்கு ‘நீர்’ என்பது ஒரு படி இறக்கித் தள்ளுவது. ‘நீ’ என்றால்கூடக் கோபத்தில் வாய் தவறியது என்று மன்னித்துவிடுவார்கள். ‘நீர்’ நிதானமாகத் தெரிந்தெடுத்தது என்பது எல்லோருக்கும் விளங்கும்.

இரண்டாவது, சொல்லோடு ஒட்டி நிற்கும் சிறு இடைச்சொற்கள். ஒருக்காவது என்பதில் ‘ஆவது’, மட்டுமோ என்பதில் ‘ஓ’, அவமதிக்கிறதே என்பதில் ‘ஏ’. ‘விசாரிச்சனீங்களோ’ என்பது கேள்வி. ‘ஒருக்காவது விசாரிச்சனீங்களோ’ என்பது தீர்ப்பு. இவற்றை அகராதியில் தேடி ‘சுடுசொல்’ என்று ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அப்போதுதான் அண்ணரின் செய்தியில் என்னைக் குத்தியது எது என்று பார்த்தேன். ‘படிச்சவை’ அல்ல, அது பழகிவிட்டது. ‘செத்தவீட்டுக்கும்’ என்பதிலுள்ள ‘உம்’. செத்தவீட்டுக்கு வராதவன் என்றால் அது நடந்த ஒன்று. செத்தவீட்டுக்கும் வராதவன் என்றால், வேறெதற்கும் வராதவன், கடைசியாக எதிர்பார்க்கக்கூடிய அதற்கே வராதவன் என்று ஒரு முழு வாழ்க்கை வரலாறு அந்த ஓரசையில் வந்துவிடுகிறது. இதற்குத்தான் நான் ஏழு வசனம் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தவுடன், காசு பற்றிய சண்டை வேறு, இது வேறு என்று பிரிக்க முடிந்தது.

மூன்றாவது இடம் வெற்றிடம். என் பங்கில் இரண்டு லட்சத்தை நான் ஏற்கெனவே கட்டியிருந்தேன். ஒரு லட்சம் பங்குனியில் அண்ணரின் கணக்குக்குப் போனது. மற்றது ஆனி 14இல் சின்னக்காவின் கணக்குக்குப் போனது. ஓடு மாற்றியவர்களுக்கு உடனே காசு கொடுக்க வேண்டியிருந்ததால் அவ கேட்டா. அண்ணருக்கு இரண்டாவது தெரியாது. இந்தச் சண்டையை முடிக்கக்கூடிய ஒரே தகவல் என் முதல் பதிலில் இல்லவே இல்லை. கோபத்தில் எழுதியதைச் சோதிக்க நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: எதிராளிக்குத் தெரியாத ஒரு விபரம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது குழுவுக்குரிய பதில் அல்ல.

இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் இரண்டாவது பதிலை எழுதினேன். அது இப்படி வந்தது:

“மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு, தங்கள் செய்தி கண்டேன். எனது பங்களிப்பு இரு தவணைகளில் செலுத்தப்பட்டுள்ளது என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன். உரியவரிடம் விசாரித்து அறிந்த பின்னர் கருத்துத் தெரிவிப்பது நன்று. அன்னையின் இறுதிக் கிரியைகளில் நான் கலந்துகொள்ளாமைக்கான காரணம் தாங்கள் அறியாததல்ல.”

மனைவியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “இதென்னப்பா, கோட்டிலையிருந்து வந்த நோட்டீஸ் மாதிரி இருக்கு. முதல் எழுதினதிலையெண்டாலும் அவர் உங்கடை அண்ணை” என்றா. அவ சொன்னது சரி. பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்கு ஏறுவதை நிதானம் என்று நாம் மயங்குகிறோம். குடும்பத்துக்குள் அது கதவைச் சாத்துவது. ‘நீங்கள்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தாங்கள்’ வந்தால் மரியாதை கூடவில்லை, உறவு குறைகிறது. ‘செலுத்தப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டுவினை செய்தவனை மறைக்கிறது. ‘அறியாததல்ல’ என்ற இரட்டை எதிர்மறை ஊசியை மறைக்கிறது. படித்தவர்களாகிய நம்மில் பலர் பத்திரிகை விவாதங்களிலும் இந்தத் தமிழில்தான் கோபப்படுகிறோம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இடையில் இன்னொன்றும் முயன்றேன். குற்றஞ்சாட்டாமல் உன் உணர்வைச் சொல் என்று ஆங்கில நூல்களும், எங்கள் வேலைத்தலத்துப் பயிற்சி வகுப்பும் போதிக்கின்றன. அப்படியே “நீங்கள் எழுதினதாலை எனக்கு மனம் நொந்துபோச்சு” என்று எழுதிப் பார்த்தேன். தமிழ்க் குடும்பத்தில் ‘மனம் நொந்துபோச்சு’ என்பது உணர்ச்சி அறிக்கை அல்ல, கடைசி ஆயுதம். அதைப் போட்டால் பாரிஸிலுள்ள மாமி அழுவா, அண்ணர் எல்லோர் முன்னாலும் கல்நெஞ்சக்காரர் ஆவார், காசுக் கணக்கு மறந்துபோகும். அந்த வரியையும் அடித்தேன்.

மூன்றாவது பதிலை வியாழன் காலை எழுதினேன். எழுதியதை மனைவியிடம் கொடுத்து, பெரியண்ணர் வேலையால் களைத்து வந்து சோபாவில் இருந்து வாசிப்பதுபோல, எரிச்சலான குரலில் உரக்க வாசிக்கச் சொன்னேன். இது என் கண்டுபிடிப்பல்ல. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கிண்டலா இல்லையா என்பதை வாசிப்பவர் 78 வீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 வீதம்தான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்று மேல். எழுதியவன் காதில் தன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, வாசிப்பவனுக்குக் கேட்பதில்லை. தாங்கள் எழுதியதை மாறான குரலில் வாசிக்கச் செய்தபோது அந்த மிதமிஞ்சிய நம்பிக்கை குறைந்தது. மனைவி வாசித்தபோது ‘உங்களுக்குத் தெரியும்தானே’ என்று நான் சமாதானமாக எழுதிய ஒரு வரி, ‘தெரிஞ்சும் நடிக்கிறியள்’ என்று கேட்டது. அதையும் எடுத்துவிட்டுக் குழுவில் போட்டது இதுதான்:

“பெரியண்ணை, வேலை முடிஞ்சது சந்தோசம். ஆளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் எண்ட கணக்குச் சரி. பங்குனியிலை ஒரு லட்சம் உங்கடை கணக்குக்குப் போட்டனான். மற்ற ஒரு லட்சத்தை ஆனி 14 சின்னக்காவின்ரை கணக்குக்குப் போட்டனான், ஓட்டு வேலைக்கு உடனை தேவையெண்டு அவ கேட்டவ. அதை உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கவேணும், நான் சொல்லேல்லை. மிச்சம் பத்தாயிரம் வெள்ளிக்கிழமை போடுறன். அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு என்னாலை வரமுடியேல்லை. 2011இலை என்ரை அகதி வழக்கு முடியேல்லை, கடவுச்சீட்டு ஹோம் ஒபீசிலை இருந்தது. வெளிக்கிட்டிருந்தால் வழக்கைக் கைவிட்டதாய் எடுத்திருப்பினம். அதைப்பற்றிக் கதைக்கிறதெண்டால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன்.”

சில இடங்களை விளக்க வேண்டும். ‘நன்றி’ என்று தொடங்கவில்லை; எங்கள் வீட்டில் தமையனுக்கு நன்றி சொன்னால் அவர் என்ன பிறத்தியாரா என்று கேட்பார்கள். வேலை முடிந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோசம், அதனால் அதைச் சொல்ல முடிந்தது. ‘நான் சொல்லேல்லை’ என்பது சமாதானத்துக்காக நான் உண்டாக்கிய பிழை அல்ல. அது நடந்த பிழை. இல்லாத குற்றத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்த சண்டையில் அது சாட்சியாக வரும். செத்தவீட்டு விடயத்தை முழுவதுமாகத் தனிப்பேச்சுக்குத் தள்ளிவிடலாமா என்றும் யோசித்தேன். இருபத்துமூன்று பேர் முன் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அவர்கள் முன்னாலேயே ஒரு சிறு பதிலாவது இருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் அவருடைய ‘உம்’மைத் திருப்பி எடுத்து ஆராயவில்லை. ‘வராத’ என்று அவர் எழுதியதற்கு ‘வரமுடியேல்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு ‘முடி’யில் எனக்குச் சொல்லவேண்டியது முழுவதும் இருந்தது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. நான் போடுவதற்கு முன் சின்னக்காவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவவின் கணக்கு பற்றி எழுதுவதால் கேட்காமல் போடக்கூடாது. அவ கேட்டுவிட்டுச் சொன்னது: “நீ நிதானமா எழுதினா பெரிய மனிசன் எண்டுவினம். நான் இப்பிடி எழுதினா, பாத்தியளோ, அவளே ஒத்துக்கொள்ளுறாள் எண்டுவினம். நான் கத்தினால்தான் கேக்குதெண்டு தெரிஞ்சுதான் கத்துறனான்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாருடைய அமைதி பெருந்தன்மையாகவும் யாருடைய அமைதி சம்மதமாகவும் வாசிக்கப்படும் என்பது வசனத்தால் மட்டும் தீர்வதல்ல. அம்மாவைக் கடைசி மூன்று வருடமும் பார்த்தவ அவதான், குழுவில் அதை இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை. பயமுறுத்தலோ அடிதடியோ உள்ள வீடுகளில் எழுதப்படும் பதில்களும் வேறு வகை. அவற்றுக்கு நான் இங்கு சொன்னது பொருந்தாது.

நான் போட்டது காலை ஒன்பதரைக்கு. ரொறொன்ரோவில் அப்போது விடியவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அண்ணர் ஒரு கட்டைவிரல் போட்டார். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. யாரும் எதுவும் எழுதவில்லை, மாமி ஒரு பிள்ளையார் படம் போட்டா. இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது அண்ணரின் மூத்த மகள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். கடவுச்சீட்டை ஏன் அவை வைத்திருந்தவை, உங்களுக்கு எப்ப திருப்பித் தந்தவை, அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லையே என்று கேட்டிருந்தாள். 2008இல் வந்ததிலிருந்து 2013இல் வழக்கு முடிந்தது வரை அவளுக்கு எழுதினேன். அது நீளமாகப் போனது. அதை நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன், அண்ணர் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு எடுத்தார். நாற்பது நிமிடம் பேசினோம். ஓட்டின் விலை, மேசன்மார் ஏமாற்றியது, கிணற்றடிச் சுவர் எல்லாம் சொன்னார். அம்மாவைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வைக்கும்போது, பின்வளவுப் பலாவின் கொப்பு ஒன்று புது ஓட்டில் முட்டுகிறதாம், வெட்டுவமோ என்று கேட்டார். அது அம்மா வைத்த மரம். கொப்பைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பார்ப்பம் என்றேன். சரி என்றார்.